வானில் 3 சென்டிமீட்டர் நீர், தரையில் 25 சென்டிமீட்டர் மழை: வளிமண்டல ஆறுகளின் கணக்கு

2021 நவம்பர் 14, 15 ஆகிய இரு நாட்களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் உள்ள ஹோப் என்ற சிற்றூரில் ஏறத்தாழ 250 மில்லிமீட்டர் மழை கொட்டியது. வெப்பமண்டலச் சூறாவளி எதுவும் அங்கே கரையைக் கடக்கவில்லை. இடி, மின்னலோடு மேகம் உடைந்து ஊற்றவும் இல்லை. ஒரே சீராக, விடாமல் பெய்தது, அவ்வளவுதான். அதற்குள் வான்கூவர் துறைமுகத்தை நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைக்கும் சாலைகளும் ரயில் பாதைகளும் அறுந்துபோயின. காரணம் 'வளிமண்டல ஆறு' என்று செய்திகள் கூறின.

பெயர் கவர்ச்சியானது. ஆனால் வானத்தில் ஓர் ஆறு ஓடிவந்து மலையில் மோதிக் கவிழ்ந்தது என்று எண்ணிக்கொண்டால் நடந்ததில் பாதிகூடப் புரியாது. ஹோப் ஊருக்கு மேலே அந்த நேரத்தில் வானத்தில் இருந்த நீராவி முழுவதையும் பிழிந்து தரையில் ஊற்றியிருந்தாலும் மூன்று சென்டிமீட்டர் உயரம் அளவுக்குத்தான் வந்திருக்கும். பெய்ததோ 25 சென்டிமீட்டர். மீதி எங்கிருந்து வந்தது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் வளிமண்டல ஆறு என்பது என்ன, அது ஏன் கரையைத் தொட்டதும் கொடியதாகிறது என்பதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கும்.

## வானம் தாங்கும் நீர் எவ்வளவு?

தரையில் ஒரு சதுர மீட்டரை எடுத்துக்கொண்டு, அதற்கு நேர் மேலே வளிமண்டலத்தின் உச்சிவரை ஒரு தூணைக் கற்பனை செய்வோம். அந்தத் தூணுக்குள் உள்ள நீராவி முழுவதும் நீராகிக் கீழே தேங்கினால் எத்தனை மில்லிமீட்டர் உயரம் நிற்கும்? வானிலை ஆய்வாளர்கள் வானத்தின் ஈரத்தை இப்படித்தான் அளக்கிறார்கள். உலகச் சராசரி சுமார் 25 மில்லிமீட்டர். வெப்பமண்டலக் கடல்களின் மேல் 50, 60 வரை போகும். துருவங்களை நோக்கிப் போகப் போகக் குறையும். குளிர்ந்த காற்றில் நீராவி அதிகம் தங்காது. இடைப்பட்ட அட்சரேகைகளில் குளிர்காலத்தில் 10 மில்லிமீட்டர் இருந்தால் அதுவே வழக்கமான அளவு.

இந்த வறண்ட பரப்பின் குறுக்கே சில நாட்களில் ஈரமான ஒரு பட்டை நீண்டு கிடப்பதைச் செயற்கைக்கோள் படங்களில் காணலாம். பட்டைக்குள் 20, 30, சில நேரம் 40 மில்லிமீட்டர் நீராவி இருக்கும். இரு ஓரங்களையும் தாண்டினால் சடாரென்று பத்துக்கு இறங்கிவிடும். பட்டையின் நீளம் 2,000 கிலோமீட்டருக்கு மேல். அகலம் சில நூறு கிலோமீட்டர். சராசரியாக 850 என்று கொள்ளலாம். உயரம் மிகக் குறைவு. நீராவியின் பெரும்பங்கு கடல் மட்டத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 850 கிலோமீட்டர் அகலமும் 3 கிலோமீட்டர் உயரமும் என்றால் அதன் வடிவம் ஆற்றைவிட விரித்துப்போட்ட நாடாவுக்கே நெருக்கமானது.

ரெஜினால்ட் நியூவெல், யோங் ஜூ என்ற இரு ஆய்வாளர்கள் 1990-களில் இந்தப் பட்டைகளுக்கு ஆறு என்ற பெயரைச் சூட்டினார்கள். அவர்கள் கண்ட கணக்கு வியப்பூட்டுவது. இடைப்பட்ட அட்சரேகைகளில் பூமத்திய ரேகைப் பக்கமிருந்து துருவப் பக்கம் போகும் நீராவியில் பத்தில் ஒன்பது பங்கு, அந்த அட்சரேகை வட்டத்தின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. எந்த ஒரு நேரத்திலும் ஒவ்வொரு அரைக்கோளத்திலும் இப்படிப்பட்ட நான்கைந்து பட்டைகள் இருக்கும்.

## ஈரம் மட்டும் போதாது, ஓட்டமும் வேண்டும்

அசையாத ஈரக்காற்று வெறும் புழுக்கம்தான். அது ஓட வேண்டும். ஆகவே வளிமண்டல ஆற்றின் வலிமையை அளக்க இரண்டைப் பெருக்குகிறார்கள்: தூணில் உள்ள நீராவி, அதைத் தள்ளும் காற்றின் வேகம்.

தூணில் 30 மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ நீர். ஒரு சதுர மீட்டரில் ஒரு கிலோ நீரை ஊற்றினால் சரியாக ஒரு மில்லிமீட்டர் நிற்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கணக்குகள் எளிதாகும். இந்த 30 கிலோவை நொடிக்கு 20 மீட்டர் வேகக் காற்று தள்ளுகிறது என்போம். அப்படியானால் பட்டையின் அகலத்தில் ஒவ்வொரு மீட்டர் வழியாகவும் ஒவ்வொரு நொடியும் 600 கிலோ நீராவி கடக்கிறது. இதற்கு நீராவிக் கடத்தல் என்று பெயர். இது 250-ஐத் தாண்டினால்தான் பொதுவாக அதை வளிமண்டல ஆறாகக் கணக்கில் சேர்க்கிறார்கள். 750-ஐத் தாண்டினால் வலிமையானது.

600 கிலோவை 850 கிலோமீட்டர் அகலத்துக்கும் பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 50 கோடி கிலோவை ஒட்டி வருகிறது. அமேசான் ஆறு கடலில் கொட்டுவது நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி கிலோ. ஒரு சராசரி வளிமண்டல ஆறு சுமப்பது அதைப்போல் இரண்டரை மடங்கு. இந்த ஒப்பீட்டை எல்லோரும் எடுத்தாளுகிறார்கள், தவறில்லை. ஆனால் அமேசானின் நீர் கடலில் முழுதாகச் சேர்கிறது. வளிமண்டல ஆற்றில் ஓடுவதோ கண்ணுக்குத் தெரியாத ஆவி. அதில் எவ்வளவு மழையாகும் என்பதை வேறொன்று தீர்மானிக்கிறது. அதற்கு வருமுன், இந்தப் பட்டை எப்படித் திரள்கிறது என்று பார்த்துவிடலாம்.

## பட்டையைத் திரட்டுவது எது?

இடைப்பட்ட அட்சரேகைகளில் குளிர்ந்த காற்றும் வெதுவெதுப்பான காற்றும் உரசும் எல்லையில் காற்றழுத்தத் தாழ்வுகள் உருவாகி, மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்தபடியே இருக்கின்றன. இவை வெப்பமண்டலச் சூறாவளிகளைப் போன்றவை அல்ல. சூறாவளி கடலின் வெப்பத்தால் வாழ்கிறது. இவை வெப்பக் காற்றுக்கும் குளிர்க் காற்றுக்கும் உள்ள வேறுபாட்டால் வாழ்கின்றன. அதனால் இவற்றுக்குள் எல்லைக்கோடுகள் உண்டு. பின்னாலிருந்து குளிர்க் காற்று முன்னேறிவரும் கோட்டைக் குளிர்முகப்பு என்கிறார்கள்.

முகப்புக்கு முன்னே வெதுவெதுப்பான, ஈரமான காற்று இருக்கிறது. குளிர்க் காற்று துடைப்பத்தைப் போல அதைத் தள்ளிக்கொண்டு வருகிறது. பெருக்கும்போது குப்பை துடைப்பத்தின் முன்னால் ஒரு கோடாகச் சேருவதைப் போலவே ஈரமும் முகப்பின் முன்னால் ஒரு கோடாகச் சேர்கிறது. அதே இடத்தில், தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரத்தில், முகப்புக்கு இணையாக வேகமான காற்று ஓட்டம் ஒன்றும் அமைகிறது. ஈரம் மிக அதிகமாக இருக்கும் உயரமும் காற்று மிக வேகமாக ஓடும் உயரமும் ஒன்றாக அமைவதால்தான் கடத்தல் அவ்வளவு பெரிதாகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். ஹவாய்த் தீவுகளின் பக்கமிருந்து வட அமெரிக்கக் கரைவரை பட்டை நீண்டு கிடக்கும் படத்தைப் பார்த்தவுடன், ஹவாயில் ஆவியான நீர்தான் அப்படியே பயணம் செய்து கரையில் பெய்கிறது என்று தோன்றும். அமெரிக்கர்கள் அதற்கு 'பைன்ஆப்பிள் எக்ஸ்பிரஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உண்மை அவ்வளவு நேரானதல்ல. பட்டைக்குள் இருக்கும் நீராவி வழிநெடுக மழையாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. வழிநெடுகப் புதிதாகவும் சேர்ந்துகொண்டே இருக்கிறது. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் இதை ஆராய்ந்து, பல நிகழ்வுகளில் தாழ்வு மண்டலமே தன் அருகிலுள்ள ஈரத்தைக் கூட்டிச் சேர்க்கிறது என்றும், நாம் காணும் நீண்ட வால் அது கடந்துவந்த பாதையில் விட்டுச்சென்ற தடம் என்றும் விளக்கினார்கள். வெப்பமண்டலத்திலிருந்து நேரடியாகவே ஈரம் வரும் நிகழ்வுகளும் உண்டு. வலிமையானவற்றில் இந்தப் பங்கு முக்கியமானது. ஆனாலும் படத்தில் தெரியும் கோட்டை ஒரு குழாயாக எண்ணிக்கொள்வது பிழை.

## மலையில் நடக்கும் கணக்கு

திறந்த கடலின் மேல் வளிமண்டல ஆறு ஓடும்போதும் மழை பெய்கிறது. கரையில் மட்டும் அது ஏன் பலமடங்காகிறது? ஈரக்காற்று மழையாக வேண்டுமானால் அது மேலே ஏற வேண்டும். ஏறினால் அழுத்தம் குறைந்து விரியும், விரிந்தால் குளிரும், குளிர்ந்தால் ஆவி நீராகும். கடலில் அதை ஏற்றிவிட முகப்பு மட்டுமே உண்டு. கரையில் மலை நிற்கிறது. நாடாவின் உயரம் மூன்று கிலோமீட்டர்தானே? ஒன்றரைக் கிலோமீட்டர் உயர மலைத்தொடர் அதன் அடர்ந்த பாதியை அப்படியே மறித்துவிடும்.

மறித்தாலும் காற்று ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வறண்ட காற்றாக இருந்தால் மலையைக் கண்டதும் பக்கவாட்டில் ஒதுங்கிச் சுற்றிப் போகப் பார்க்கும். தூக்கிவிட்டால் அது தன் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து கனத்து, மறுபடி இறங்கவே முயலும். வளிமண்டல ஆற்றின் காற்று அப்படி முரண்டுபிடிப்பதில்லை. ஏற ஏற அதிலுள்ள ஆவி நீராகி வெப்பத்தை விடுவிக்கிறது. அந்த வெப்பம், ஏறுவதால் வரும் குளிர்ச்சியைப் பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. அதனால் காற்று சுற்றுப்புறத்தைவிடக் கனக்காமல், சரிவில் தள்ளிய பக்கமெல்லாம் எளிதாக ஏறிப்போகிறது.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். பின்வரும் எண்கள் வசதிக்காக முழுமைப்படுத்தியவை; அளந்தவை அல்ல.

1. ஒரு மீட்டர் அகலம் வழியாக நொடிக்கு 600 கிலோ நீராவி மலையை நோக்கி நேராக வருகிறது.
2. கரையிலிருந்து மலைமுகடுவரை 100 கிலோமீட்டர் நீளச் சரிவு. ஏறும் காற்று தன் ஆவியில் 30 விழுக்காட்டை, அதாவது நொடிக்கு 180 கிலோவை, அதற்குள் உதிர்த்துவிடுகிறது.
3. ஒரு மீட்டர் அகலமும் 1,00,000 மீட்டர் நீளமும் உள்ள அந்தக் கீற்றில் 180 கிலோவைப் பரப்பினால் நொடிக்கு 0.0018 மில்லிமீட்டர். மணிக்கு ஆறரை மில்லிமீட்டர்.
4. இது 40 மணி நேரம் நீடித்தால் ஏறத்தாழ 260 மில்லிமீட்டர்.

மணிக்கு ஆறரை மில்லிமீட்டர் என்பது பெருமழையே அல்ல. குடை பிடித்துக்கொண்டு நடக்கலாம். வானத்தில் எந்த நேரத்திலும் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நீர் இருக்கவும் இல்லை. ஆனால் உதிர்ந்த அளவுக்குப் புதிய காற்று பின்னாலிருந்து வந்து நிரப்பிக்கொண்டே இருந்தது. பாத்திரம் சிறியதுதான், குழாயை மூடத்தான் யாரும் இல்லை.

இந்தக் கணக்கிலிருந்தே வேறு சிலவும் புரியும். காற்று மலைக்கு நேராக வராமல் சாய்வாக வந்தால் ஏறும் பங்கு குறையும். அதே வலிமையுள்ள ஆறு, திசை சற்று மாறியதால், ஒரு பள்ளத்தாக்கில் வெள்ளத்தையும் பக்கத்துப் பள்ளத்தாக்கில் சாதாரண மழையையும் தரலாம். மலை மிக உயரமாக இருக்கத் தேவையில்லை என்பதும் புரியும். 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் என்ற புயலோடு வந்த வளிமண்டல ஆறு இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைகளில் மோதியபோது, ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் பதிவானது. பிரிட்டனின் சாதனை அளவு அது. அங்குள்ள மிக உயர்ந்த சிகரமே ஆயிரம் மீட்டரைத் தொடாது.

## 2021 நவம்பர்: ஒரு நிகழ்வின் உட்பக்கம்

பிரிட்டிஷ் கொலம்பியாவின் தென்மேற்கு மூலையை வரைபடத்தில் பார்த்தால் ஃபிரேசர் பள்ளத்தாக்கு கடலோரத்தில் அகன்று தொடங்கி, கிழக்கே போகப் போக இருபுறமும் மலைகள் நெருங்கிக் குறுகுவது தெரியும். குறுகி முடியும் இடத்தில் ஹோப் ஊர் இருக்கிறது. தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று இந்தப் புனலுக்குள் புகுந்தால் பக்கங்களிலும் நெருக்கப்பட்டு, முன்னாலும் தடுக்கப்பட்டு, மேலே ஏறுவதைத் தவிர வேறு வழி இருக்காது. நவம்பர் 13 இரவில் தொடங்கி 15 வரை நடந்தது இதுதான்.

மழையின் அளவு மட்டுமே பேரழிவை விளக்கிவிடாது. அதற்கு முன்பே தரை தயாராக இருந்தது. இலையுதிர்காலம் முழுக்க மழை பெய்து மண் ஊறிக் கிடந்தது. மலைகளில் பருவத்தின் முதல் பனி விழுந்திருந்தது. வளிமண்டல ஆறு கொண்டுவரும் காற்று வெதுவெதுப்பானது என்பதால் பனி பெய்ய வேண்டிய உயரங்களிலும் மழையே பெய்தது. விழுந்திருந்த பனியும் உருகி அதனோடு சேர்ந்தது. அந்த ஆண்டு ஜூன் இறுதியில்தான் இதே மாகாணத்தின் லிட்டன் ஊர் 49.6 டிகிரி வெப்பத்தைக் கண்டு, மறுநாளே காட்டுத்தீயில் எரிந்துபோனது. கோடை முழுக்கக் காடுகள் எரிந்தன. எரிந்த சரிவில் மண்ணைப் பிடிக்க வேர் இல்லை. மண்ணும் நீரை முன்போல உறிஞ்சுவதில்லை.

விளைவுகள் மூன்று இடங்களில் மூன்று விதமாக வந்தன.

மலைச்சாலைகளில். கோக்கிஹாலா எனப்படும் ஐந்தாம் எண் நெடுஞ்சாலை ஓர் ஆற்றின் ஓரமாகவே மலையேறுகிறது. ஆறு கரையை அரித்தபோது சாலையும் பல பாலங்களும் சேர்ந்து போயின. சரக்கு வாகனங்களுக்கு அது மறுபடி திறக்கப்பட்டது டிசம்பர் 20 அன்று. 99-ஆம் நெடுஞ்சாலையில் மண்சரிவு வாகனங்களை அடித்துச்சென்று உயிர்களைப் பறித்தது. தொடர்ந்து நீண்ட நேரம் பெய்யும் மழையின் குணம் இது. சரிவின் மண் முழுதும் நனைந்து, துளைகளில் நீரின் அழுத்தம் ஏறி, மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளர்ந்துவிடுகிறது.

மலைக்குப் பின்னால். மெரிட் என்ற ஊர் மலைத்தொடரின் மறுபக்கம், மழைமறைவில் இருக்கும் வறண்ட ஊர். அதன் 7,000 மக்களும் நவம்பர் 15 அன்று வெளியேற வேண்டியதாயிற்று. ஊருக்குள் பெய்த மழை அதற்குக் காரணமல்ல. கோல்ட்வாட்டர் ஆறு மலைமுகட்டின் அருகே பெய்த மழையைச் சுமந்துகொண்டு ஊருக்குள் வந்தது. காற்று வலுவாக இருக்கும்போது நீர்த்துளிகள் முகட்டைத் தாண்டிப் பறந்து மறுபக்கத்து நீர்ப்பிடிப்பிலும் விழும். மழைமறைவு ஊர் என்பதால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது.

சமவெளியில். அபட்ஸ்ஃபோர்டு நகரை ஒட்டிய சுமாஸ் சமவெளி ஒருகாலத்தில் ஏரி. 1924-இல் நீரை வடித்து விளைநிலமாக்கினார்கள். தெற்கே அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் நூக்சாக் ஆறு கரைபுரண்டதும், அதன் உபரிநீர் எவர்சன் ஊரருகே தாழ்ந்த மேட்டைக் கடந்து, நாட்டு எல்லையையும் கடந்து, வடக்கே வந்து பழைய ஏரியை மறுபடி நிரப்பியது. கரை உடைந்தது. சமவெளியின் நீரை ஃபிரேசர் ஆற்றுக்கு இறைக்கும் பேரோடவுன் நீரேற்று நிலையத்தைச் சுற்றி நவம்பர் 16 இரவு தன்னார்வலர்கள் மணல்மூட்டை அடுக்கி அதைக் காப்பாற்றினார்கள். அதுவும் இயங்காமல் போயிருந்தால் ஃபிரேசரின் நீரும் உள்ளே வந்திருக்கும். ஏரி எங்கே இருந்தது என்று நீருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

## வலிமையைவிட நீடிப்பு

மேலே போட்ட கணக்கில் 40 மணி நேரத்தை 20 ஆக்கினால் மழை பாதியாகும். வெள்ளமும் பாதியாகும் என்று எண்ணத் தோன்றும். ஆகாது, அதைவிட வெகுவாகக் குறையும். முதல் மணிநேரங்களின் மழையை மண் குடித்துவிடுகிறது. மண் நிறைந்த பிறகு விழும் ஒவ்வொரு துளியும் ஆற்றுக்கு ஓடுகிறது. கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ஆற்றை ஒட்டிய கரைப்பகுதியில் ஆறு ஆண்டுகளில் கரையேறிய 91 வளிமண்டல ஆறுகளை மார்ட்டி ரால்ஃபும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்தனர். சராசரி வளிமண்டல ஆறு ஓர் இடத்தின் மேல் 20 மணி நேரம் நிற்கிறது. அதைப்போல் இரு மடங்கு நேரம் நின்றவற்றில், தரையில் ஓடும் ரஷ்யன் ஆற்றின் உச்ச நீரோட்டம் இரு மடங்காகவில்லை. ஏறத்தாழ ஆறு மடங்கானது.

2019-இல் வெளியான ஐந்து படி அளவுகோல் இதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. முதலில் கடத்தலின் உச்ச அளவைக் கொண்டு படி தரப்படும்: 250 முதல் 500 வரை முதல் படி, 500 முதல் 750 வரை இரண்டாம் படி என்று போய், 1,250-க்கு மேல் ஐந்தாம் படி. பிறகு நீடிப்பைப் பார்த்துத் திருத்துவார்கள். 24 மணி நேரத்துக்குள் கடந்துவிட்டால் ஒரு படி இறங்கும். 48 மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஒரு படி ஏறும்.

சூறாவளிகளின் படிகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இதில் கீழ்ப்படிகள் நன்மை தருபவை. கலிஃபோர்னியாவின் ஆண்டு மழையிலும் பனியிலும் 30 முதல் 50 விழுக்காடு வரை வளிமண்டல ஆறுகள் தருவதுதான். அவை வராத ஆண்டு வறட்சி ஆண்டு. நான்காம், ஐந்தாம் படிகள்தான் பெரும்பாலும் தீங்கு.

ஓர் ஆறு ஏன் நகராமல் நிற்கிறது? பெரும்பாலும் முகப்பில் தோன்றும் ஒரு சிறிய அலையால். முகப்பு தெற்கே நகர்ந்துகொண்டிருக்கும்போது அதன்மேல் சில நூறு கிலோமீட்டர் அளவுள்ள ஒரு துணைத் தாழ்வு முளைத்தால், அந்த இடத்தில் முகப்பு தயங்கும். சில நேரம் வந்த வழியே சற்றுப் பின்வாங்கும். 18 மணி நேரத்தில் கடந்திருக்க வேண்டிய பட்டை 36 மணி நேரம் ஒரே பள்ளத்தாக்கின் மேல் கிடக்கும்.

## முன்கணிப்பு தடுக்கும் இடம்

அந்தச் சிறிய அலைதான் முன்கணிப்பவர்களின் தலைவலி. ஒரு வலிமையான வளிமண்டல ஆறு வரப்போகிறது என்பதை இன்று ஒரு வாரத்துக்கு முன்பே ஓரளவு சொல்லிவிட முடிகிறது; நீராவிக் கடத்தல் ஒரு பெரிய, சீரான வடிவம் என்பதால் மழையைவிட அதைக் கணிப்பது எளிது. அது கரையை எந்த இடத்தில் தொடும் என்பதில்தான் பல நாட்களுக்கு முன்னரான கணிப்பு சில நூறு கிலோமீட்டர் பிசகும். பட்டையே சில நூறு கிலோமீட்டர் அகலம்தான் என்னும்போது அந்தப் பிசகு சிறியதல்ல. ஒரு நீர்ப்பிடிப்பின் தலைவிதி அதில் மாறிவிடும்.

பிசகுக்குக் காரணம், ஆறு உருவாவது கடலின் மேல் என்பதே. அங்கே வானிலை நிலையங்கள் இல்லை. செயற்கைக்கோளின் நுண்ணலைக் கருவிகள் கடலின் மேல் எவ்வளவு நீராவி இருக்கிறது என்று காட்டும். ஆனால் அடர்ந்த மேகத்துக்கடியில் ஒரு கிலோமீட்டர் உயரத்தில் காற்று எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை அவற்றால் நேராக அளக்க முடியாது. பெருக்கலில் பாதி எண் மறைந்திருக்கிறது. அதனால் 2016 முதல் அமெரிக்காவில் விமானங்களை அனுப்பி அளக்கிறார்கள். கோடையில் சூறாவளிகளுக்குள் பறக்கும் அதே விமானப்படைப் பிரிவு, குளிர்காலத்தில் பசிபிக் கடலின் மேல் பறந்து, சிறு பாராசூட் கட்டிய அளவுக்கருவிகளை வளிமண்டல ஆற்றின் குறுக்கே இடைவெளி விட்டுப் போடுகிறது. கீழே விழும் சில நிமிடங்களில் ஒவ்வொரு கருவியும் வெப்பம், ஈரம், அழுத்தம், காற்று ஆகியவற்றை அனுப்பிவிடும். ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் மேற்கத்திய வானிலை மையம் இந்தப் பணியை முன்நின்று நடத்துகிறது.

இந்த அளவுகள் எல்லாம் கிடைத்தாலும், முன்கணிப்பு வரைபடத்தில் அடர்ந்த நிறத்தைப் பார்த்தவுடன் வெள்ளம் என்று முடிவு கட்ட முடியாது. அந்த நிறம் காட்டுவது கடத்தலை மட்டுமே. காற்று மலைக்கு நேராக வருகிறதா, எத்தனை மணி நேரம் நிற்கும், மண் ஏற்கெனவே ஊறியிருக்கிறதா என்பவற்றை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நான்காவதாக ஒன்று உண்டு. பலரும் கவனிக்காமல் விடுவது அதுதான்: பனிக்கோடு.

## பனிக்கோடு ஏறினால்

மலையில் எந்த உயரத்துக்கு மேல் பனியாகவும், எந்த உயரத்துக்குக் கீழ் மழையாகவும் விழுகிறதோ அதுவே பனிக்கோடு. பனியாக விழுந்தது மலையிலேயே தங்கி, வசந்தத்தில் மெல்ல உருகும். மழையாக விழுந்தது சில மணி நேரத்தில் ஆற்றை அடையும். ஓர் ஆற்றின் நீர்ப்பிடிப்பில் பாதி 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது என்போம். பனிக்கோடு 1,500-இல் நின்றால் பாதிப் பரப்பின் நீர் மட்டும் ஆற்றுக்கு வரும். வெதுவெதுப்பான ஒரு வளிமண்டல ஆறு பனிக்கோட்டை 2,500-க்கு ஏற்றிவிட்டால், வானிலிருந்து ஒரு துளிகூடக் கூடுதலாக விழாமலேயே, ஆற்றுக்கு வரும் நீர் ஏறத்தாழ இரு மடங்காகும். முன்பு விழுந்த பனியும் உருகினால் அது வேறு கணக்கு. கணித்ததைவிடப் பனிக்கோடு சில நூறு மீட்டர் உயர்ந்தாலே அணைப் பொறியாளர்களின் திட்டம் குலைந்துவிடும்.

பூமி சூடாவது இந்தக் கணக்கின் எல்லா எண்களையும் தொடுகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். காற்றின் வேகம் மாறாவிட்டாலும் கடத்தல் அந்த அளவுக்குக் கூடும். பட்டைகள் அகலமாகவும் நீளமாகவும் ஆகும் என்று பெரும்பாலான காலநிலை மாதிரிகள் காட்டுகின்றன. அகலமான பட்டை ஓர் இடத்தைக் கடக்க அதிக நேரம் எடுக்கும். நீடிப்பு இரு மடங்கானால் வெள்ளம் ஆறு மடங்காகலாம் என்று முன்பே பார்த்தோம். பனிக்கோடு மேலே ஏறும்.

துருவங்களும் இதற்கு விலக்கல்ல. 2022 மார்ச்சில் ஒரு வளிமண்டல ஆறு கிழக்கு அண்டார்க்டிகாவின் உட்பகுதிவரை புகுந்தது. 3,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் பனிப்பாளத்தின் நடுவே அமைந்த கான்கோர்டியா ஆய்வு நிலையத்தில், வெப்பநிலை அந்தப் பருவத்தின் வழக்கத்தைவிட 38 டிகிரிக்கும் அதிகமாக ஏறியது. அப்போதும் அங்கே உறைநிலைக்குக் கீழே பத்து டிகிரிக்கும் சற்றுக் கூடுதலான குளிர் இருந்ததால் விழுந்தது பனியே. கரையோரத்தில் மழை பெய்தது.